'ஆர்வமில்லை' அழுத்தியும் அதே வீடியோ வருகிறதா? அறிகுறி வாரியாக ஃபீடைச் சரிசெய்வது

அக்கா பதினோரு வருடம் வளர்த்த நாய், சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனது. அடுத்த வாரம் அவளுடைய வீடியோ செயலியைத் திறந்தால் சாகக் கிடக்கும் நாய்கள், மருத்துவரின் மேசையில் கடைசி மூச்சு, எஜமானின் கல்லறையில் படுத்திருக்கும் நாய், இப்படியே வந்துகொண்டிருந்தது. "எத்தனை தடவைடா 'ஆர்வமில்லை'ன்னு அழுத்துறது, இது என்னை விடவே மாட்டேங்குது" என்று போனை என்னிடம் நீட்டினாள். பரிந்துரை அமைப்புகளோடு சில வருடம் வேலை பார்த்தவன் என்பதால் என்னால் சரிசெய்துவிட முடியும் என்று நம்பினாள். சரிசெய்ய முடிந்தது. ஆனால் பத்து நாள் ஆனது, நடுவில் ஒரு தடவை பின்னோக்கியும் போனது. அந்தப் பத்து நாளில் செய்ததைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு கணக்கு எடுத்துக்கொள்ளுங்கள். செயலியைத் திறந்து முதல் 20 பதிவுகளை, எதையும் பார்க்காமல், வேகமாக நகர்த்திக்கொண்டே போய், தொல்லை தரும் வகை எத்தனை என்று எண்ணுங்கள். தேதியோடு எழுதி வையுங்கள். இதைச் செய்யாதவர்கள் இரண்டே நாளில் "ஒண்ணும் மாறலை" என்று விட்டுவிடுகிறார்கள். ஒன்பது ஆறாகக் குறைந்தது கண்ணுக்குத் தெரியாது, தாளில்தான் தெரியும். அக்காவுக்கு முதல் நாள் 20-இல் 9.

அறிகுறி: "ஆர்வமில்லை" அழுத்துகிறேன், அந்த வீடியோ போகிறது, அதே வகை திரும்ப வருகிறது

அதிகம் பேர் சொல்வது இதைத்தான். காரணம் புரிய, ஃபீடு எப்படித் தயாராகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான செயலிகளில் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. யூடியூபின் அமைப்பைப் பற்றி கூகுள் பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத் தெளிவாக விவரிக்கிறது. முதல் கட்டம், கோடிக்கணக்கில் கிடக்கும் வீடியோக்களிலிருந்து உங்களுக்கென்று சில நூறை அள்ளி எடுக்கும். எதை வைத்து அள்ளுகிறது? முக்கியமாக நீங்கள் பார்த்தவற்றையும் தேடியவற்றையும் வைத்து. இரண்டாவது கட்டம், அள்ளிய சில நூறுக்கும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும்.

'ஆர்வமில்லை' என்பது ஒரு குறிப்பிட்ட வீடியோவின் மேல் நீங்கள் வைக்கும் குறி. அந்த வீடியோ போய்விடும், அதற்கு மிக நெருக்கமான சிலவற்றின் மதிப்பெண்ணும் குறையலாம். ஆனால் அள்ளும் கை மாறவில்லை. நீங்கள் பார்த்துவைத்த ஐம்பது நாய் வீடியோக்கள் வரலாற்றில் அப்படியே இருக்கின்றன, முதல் கட்டம் அவற்றைக் காட்டி மறுபடி நாய் வீடியோக்களையே கொண்டுவந்து கொட்டுகிறது. ஒன்றை எடுத்து வெளியே போட்டால், அந்த இடத்துக்கு வரிசையில் இன்னும் நூறு நிற்கிறது.

இதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்றால், பார்த்திருக்கிறார்கள். மொசில்லா அறக்கட்டளை 2022-இல் யூடியூபை வைத்து ஒரு சோதனை நடத்தியது. 22,722 பேர் தாங்களே முன்வந்து தங்கள் பிரவுசரில் ஒரு நீட்சியை நிறுவிக்கொண்டார்கள். பிடிக்காத வீடியோ வந்தால் அதில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தான் எல்லோருக்கும் ஒன்றுதான், பின்னால் நடப்பது மட்டும் குழுவுக்குக் குழு வேறு. ஒரு குழுவுக்கு அது 'ஆர்வமில்லை'யை அனுப்பும், இன்னொன்றுக்கு டிஸ்லைக், மற்றொன்றுக்கு 'சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம்', வேறொன்றுக்கு வரலாற்றிலிருந்து நீக்கம். ஒரு குழுவுக்கு எதுவுமே அனுப்பாது. ஒன்றும் அனுப்பாத அந்தக் குழுவோடு ஒப்பிட்டு, வேண்டாத பரிந்துரைகளில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தார்கள். சேனலைத் தடுப்பது 43 சதவீதத்தைக் குறைத்தது. வரலாற்றிலிருந்து நீக்குவது 29 சதவீதம். டிஸ்லைக் 12. 'ஆர்வமில்லை' 11.

அதாவது பெயரைப் பார்த்தால் இதற்கென்றே செய்தது போலிருக்கும் பொத்தான்தான் அந்த நான்கில் கடைசியில் நிற்கிறது. முதலில் நிற்பதும்கூட பாதியை எட்டவில்லை. ஒரே ஒரு பொத்தானை நம்பி உட்காரக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். செயலிக்குச் செயலி அளவு மாறும், அந்தச் சோதனைக்குப் பிறகு அமைப்புகளும் மாறியிருக்கும். ஆனால் வீடியோவின் மேல் வைக்கும் குறியைவிட சேனலின் மேல் வைக்கும் குறி வலுவானது, வரலாற்றையே திருத்துவது அள்ளும் கையைத் திருத்துவது என்ற இரண்டும் இயல்பாகவே பொருந்தி வருகின்றன.

ஆகவே சரிசெய்யும் வரிசை பலரும் செய்வதற்கு நேர் தலைகீழ். முதலில் வரலாறு, பிறகு சேனல், கடைசியில்தான் பொத்தான்.

அக்காவின் போனில் வரலாற்றைத் திறந்தபோது விஷயம் வெளிச்சமானது. இரவு 11 மணிக்கு மேல், நான்கு இரவுகளில், அறுபதுக்கும் மேற்பட்ட நாய் வீடியோக்கள். பெரும்பாலானவை கடைசிவரை பார்த்தவை. அவள் 'ஆர்வமில்லை' அழுத்தியது நிஜம், ஆனால் எப்போது அழுத்தினாள்? வீடியோவை முழுக்கப் பார்த்து, கீழே கருத்துகளையும் படித்து, அழுது முடித்த பிறகு. ஒரு முழுப் பார்வையும் கருத்துப் பகுதியில் கழித்த நேரமும் ஏற்கெனவே பதிவாகிவிட்டன. அதற்குமேல் வைத்த சின்னக் குறி எவ்வளவு இழுக்கும்?

அந்த நான்கு இரவுகளின் வரலாற்றை நீக்கினோம். பலர் மறந்துவிடும் ஒன்று, தேடல் வரலாறு. நாய் உயிரோடு இருந்தபோது அவள் தேடிய 'நாய் சிறுநீரகம்', 'நாய் சாப்பிட மறுக்கிறது' போன்றவை தனிப் பட்டியலாக இருந்தன, அவற்றையும் எடுத்தோம். பிறகு, ஒன்பதில் ஐந்து வீடியோ இரண்டே சேனலிலிருந்து வந்திருந்தது, அந்த இரண்டையும் பரிந்துரைக்க வேண்டாம் என்று தடுத்தோம். இதற்குப் பிறகுதான் 'ஆர்வமில்லை'. அதையும் பார்த்த உடனே, வீடியோ ஓடத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும் என்று சொன்னேன். நான்காவது நாள் எண்ணினோம்: 20-இல் 3.

அறிகுறி: பிடிக்காததை எல்லாம் தள்ளிவிடுகிறேன், ஆனாலும் குறையவே இல்லை

ஸ்கிப் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதை அமைப்பு ஒன்றாகப் பார்ப்பதில்லை. முதல் நொடியில் தள்ளுவது வேறு, பன்னிரண்டாவது நொடியில் தள்ளுவது வேறு. முப்பது நொடி வீடியோவில் இருபத்தைந்து நொடி பார்த்துவிட்டுத் தள்ளினால், உங்கள் மனதில் அது ஸ்கிப், கணக்கில் அது ஏறக்குறைய முழுப் பார்வை. கோபத்தோடு பார்த்தீர்களா, ரசித்துப் பார்த்தீர்களா என்பது நேரத்தில் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. ஸ்கிப்பும் பார்வையும் சம எடையில் மோதுவதில்லை. மேலே சொன்ன 2016 கட்டுரையில், அமைப்புக்கு மதிப்பெண் போடக் கற்றுக்கொடுக்கும் முறையைப் பாருங்கள்: காட்டியும் கிளிக் செய்யாமல் விட்ட வீடியோ ஒவ்வொன்றுக்கும் எடை 1. கிளிக் செய்து பார்த்ததற்கு எடை, பார்த்த நேரம். அதிக நேரம் பார்க்க வைக்கும் வீடியோவை மேலே கொண்டுவருவதற்காக அப்படி வைத்தார்கள். அதனால் பத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டு பதினோராவதை நீண்ட நேரம் பார்த்தால், அந்தப் பதினொன்றாவது மற்ற பத்தையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மதிப்பெண் போடும் இன்றைய மாடல்கள் அதைவிடச் சிக்கலானவை, தெரிந்தே ஸ்கிப்பையும் டிஸ்லைக்கையும் எதிர்மறைப் பாடமாகக் கற்பிக்கும் முறைகள் வந்துவிட்டன. கூகுள் ஆய்வாளர்களே 2023-இல் அப்படி ஒன்றை வெளியிட்டார்கள். ஆனாலும் நேரம் என்பது கனமான காசு, ஸ்கிப் என்பது சில்லறை என்ற உறவு அனுபவத்தில் இன்னும் தெரிகிறது.

ஸ்கிப்புக்கு ஏன் இவ்வளவு குறைந்த மதிப்பு? ஏனென்றால் அதன் பொருள் கலங்கலானது. அழைப்பு வந்ததால் தள்ளியிருக்கலாம். ஏற்கெனவே பார்த்ததாக இருக்கலாம். சத்தம் போட முடியாத இடத்தில் இருந்திருக்கலாம். ஒரே ஒரு ஸ்கிப்பை நம்பி ஒரு தலைப்பையே வெட்டினால் எல்லோருடைய ஃபீடும் ஒரு வாரத்தில் பாழாகிவிடும். ஆகவே அமைப்பு ஒன்றை நம்புவதில்லை, ஒரே திசையில் பல ஸ்கிப் வரும்வரை காத்திருக்கிறது. இதில் நான் அமைப்பின் பக்கம்தான். குறை அங்கே இல்லை, நாம் அனுப்பும் ஸ்கிப் ஒரே திசையில் இல்லாததில் இருக்கிறது.

உங்களுடையது இந்த வகைதானா என்று கண்டுபிடிக்க, ஒரு நாள் மட்டும் உங்கள் கட்டைவிரலைக் கவனியுங்கள். தொல்லை தரும் வீடியோ வந்ததும், தள்ளும் முன் மனதுக்குள் எண்ணுங்கள். ஒன்று சொல்வதற்குள் தள்ளிவிட்டீர்களா, அல்லது நான்கு, ஐந்து வரை போகிறதா? ஐந்து வரை போகிறது என்றால் நீங்கள் செய்வது ஸ்கிப் அல்ல, முன்னோட்டம் பார்ப்பது. வீடியோவின் முதல் மூன்று நொடியை எல்லோரும் கவனமாகச் செதுக்குவதே அந்த ஐந்தாவது நொடிவரை உங்களைக் கொண்டுபோகத்தான்.

பார்வையைவிட மோசமானவை சில உண்டு. "இந்தக் கொடுமையைப் பார்" என்று நண்பருக்கு அனுப்புவது. கருத்துப் பகுதியைத் திறந்து, மற்றவர்கள் திட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது. நீங்களே திட்டி எழுதுவது. இவை மூன்றும் கணக்கில் ஆர்வத்தின் அடையாளங்கள். பகிர்வதில் எள்ளல் இருந்ததா என்று செயலிக்குத் தெரியாது.

சரிசெய்வது எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம்: முதல் நொடியில் தள்ளுங்கள், கருத்தைத் திறக்காதீர்கள், அனுப்பாதீர்கள். கூடவே, அந்த இடத்தை நிரப்ப வேறொன்றைக் கொடுங்கள். எதிர்மறைக் குறிகள் 'இது வேண்டாம்' என்று மட்டும்தான் சொல்லும், 'எது வேண்டும்' என்று சொல்லாது. அக்காவுக்குப் பென்சில் ஓவியம் பிடிக்கும். ஒரு நாளைக்கு நான்கைந்து ஓவிய வீடியோவைத் தேடி, முழுக்கப் பார்க்கச் சொன்னேன். நான்காவது நாள் 3 ஆகக் குறைந்ததில் இதற்கும் பாதிப் பங்கு இருக்கும்.

ஆறாவது நாள் ஒரு சறுக்கல். தன் நாயைப் போலவே ஒரு காது மடங்கிய நாய் ஒன்று வந்தது. மூன்று தடவை பார்த்துவிட்டாள். மறுநாள் கணக்கு 3-லிருந்து 5-க்கு ஏறியது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரலாற்றிலிருந்து அந்த ஒன்றை மட்டும் நீக்கிவிட்டுத் தொடர்ந்தோம். சறுக்கினால் செய்ய வேண்டியது அவ்வளவுதான், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அறிகுறி: ரிப்போர்ட் செய்தேன், எதுவும் நடக்கவில்லை

இங்கே இரண்டு வேறு கோடுகள் குழம்பிக் கிடக்கின்றன. ரிப்போர்ட் என்பது முதலில் ஒரு புகார். இந்தப் பதிவு விதியை மீறுகிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள், அது பரிசீலனை வரிசைக்குப் போகிறது. மீறல் இல்லை என்று முடிவானால் பதிவு மற்ற எல்லோருக்கும் இருந்தபடியே இருக்கும். பிடிக்காத வீடியோவை ரிப்போர்ட் செய்து அது நீக்கப்படும் என்று காத்திருப்பவர்களுக்கு ஏமாற்றம் வருவது இங்கே.

ஆனால் அதே அழுத்தலுக்கு இரண்டாவது வாழ்க்கை ஒன்று உண்டு. அது வரிசைப்படுத்தும் மாடலுக்கும் போகலாம். இதை நாம் யூகிக்க வேண்டியதில்லை. ட்விட்டர் 2023 மார்ச் 31 அன்று தன் பரிந்துரை நிரலின் ஒரு பகுதியை வெளியிட்டது, பதிவுக்கு மதிப்பெண் போடும் மாடலின் எடைகளும் அதையொட்டி வெளியாயின. அவற்றில் நான்கு:

```
fav:                    0.5
reply:                 13.5
negative_feedback_v2: -74.0
report:              -369.0
```

நீங்கள் இந்தப் பதிவுக்கு லைக் போட, பதில் எழுத, ரிப்போர்ட் செய்ய எவ்வளவு வாய்ப்பு என்று மாடல் கணிக்கும். ஒவ்வொரு வாய்ப்பையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டினால் மதிப்பெண். மூன்றாவது வரி, 'இதைக் குறைவாகக் காட்டு' என்று சொல்வது, மியூட் செய்வது, பிளாக் செய்வது ஆகியவற்றுக்கானது.

ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். லைக் போட நூற்றுக்குப் பத்து வாய்ப்பு, பதில் எழுத நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.10 × 0.5 = 0.05. 0.02 × 13.5 = 0.27. இரண்டும் சேர்ந்து 0.32. இப்போது ரிப்போர்ட் செய்ய ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு இருப்பதாக மாடல் நினைத்தால்? 0.001 × 369 = 0.369. சேர்த்த மொத்தமும் போய், பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. லைக், பதில், ரிப்போர்ட் என்ற மூன்றை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு இது, உண்மையில் இன்னும் பல வரிகள் உண்டு. ஆனால் ரிப்போர்ட் ஏன் இவ்வளவு கனம் என்பது இதில் தெரிகிறது: அது மிக அபூர்வமாக நடப்பது, அதனால் வாய்ப்பு எண் மிகச் சிறியது, எடை பெரிதாக இருந்தால்தான் அது கணக்கில் தென்படும்.

பெருக்கப்படுவது நீங்கள் அழுத்திய அழுத்தல் அல்ல, நீங்கள் அழுத்துவீர்கள் என்ற கணிப்பு என்பதை இங்கே கவனியுங்கள். ஒரு தடவை ரிப்போர்ட் செய்ததும் எல்லாம் -369 ஆகிவிடாது. உங்கள் அழுத்தல், உங்களையும் உங்களைப் போன்றவர்களையும் பற்றிய கணிப்பைக் கொஞ்சம் நகர்த்துகிறது, நகர்ந்த கணிப்புதான் அடுத்த பதிவுகளைக் கீழே தள்ளுகிறது. உடனடி மாற்றத்தை எதிர்பார்த்தால் எதுவும் நடக்காதது போலவே இருக்கும்.

இதைப் படித்துவிட்டு, பிடிக்காததை எல்லாம் ரிப்போர்ட் செய்யலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். அந்த வரிசையில் நிஜமான மிரட்டலும் நிஜமான வன்முறையும் காத்திருக்கின்றன. அவற்றின் முன்னால் நம் சலிப்பைக் கொண்டுபோய் நிறுத்துவது தப்பு. இன்னொருவரின் நேர்மையான பதிவு தேவையில்லாமல் அடிபடவும் கூடும். விதிமீறல் என்றால் ரிப்போர்ட், சலிப்பு என்றால் சேனலைத் தடுப்பது. இறந்த நாயின் வீடியோவில் விதிமீறல் எதுவும் இல்லை, அக்கா ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை. உண்மையான மீறலைப் புகார் செய்யும்போது சரியான காரணத்தைத் தேர்ந்தெடுங்கள், கூடவே அந்தக் கணக்கைத் தனியாகத் தடுத்துவிடுங்கள். புகார் என்ன ஆனாலும் உங்கள் கண்ணில் படாமல் இருக்க அந்த இரண்டாவது படிதான் உதவும்.

அறிகுறி: இரண்டு வாரம் நிம்மதி, பிறகு மெல்லத் திரும்பி வருகிறது

இதைப் பலர் பிழை என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். வெளியான ட்விட்டர் நிரலில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஒருவருடைய பதிவைக் குறைவாகக் காட்டு என்று சொன்னால், முதல் 14 நாள் அவை முழுமையாக வடிகட்டப்படும். அதன்பின் அவை மறுபடி போட்டிக்கு வரும், ஆனால் மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கோடு. 140 நாள் போகப் போக அந்தப் பங்கு படிப்படியாக ஏறி, கடைசியில் முழு மதிப்பெண் திரும்பிவிடும். உங்கள் சொல்லுக்கு அங்கே காலாவதித் தேதி உண்டு.

மற்ற செயலிகளில் நாள் கணக்கு வேறாக இருக்கும், சிலவற்றில் அது வெளியே தெரியாது. ஃபேஸ்புக்கில் ஒருவரை 30 நாள் உறக்கத்தில் வைக்கும் வசதியில் தேதி வெளிப்படையாகவே இருக்கிறது. மனிதர்களின் விருப்பம் மாறும் என்பதால் பழைய மறுப்பை மெல்ல மறக்கிறார்கள். அது தவிர, பல பரிந்துரை அமைப்புகள் அவ்வப்போது ஓரிரண்டை வீசிப் பார்க்கும், இப்போது பிடிக்கிறதா என்று சோதிக்க. திரும்பி வரும் முதல் வீடியோ பெரும்பாலும் அந்தச் சோதனைதான்.

அதனால் அந்த முதல் ஒன்றுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில் நிறைய இருக்கிறது. "அட, இது போய்விட்டது என்று நினைத்தேனே" என்று நின்று பார்த்தால், சோதனை வெற்றி, கூட்டமாக வரும். உடனே தள்ளி, மறுபடி ஒரு தடவை 'ஆர்வமில்லை' அழுத்தினால் பெரும்பாலும் அதோடு நிற்கும். நிரந்தரமாக வேண்டாம் என்றால் காலாவதி ஆகாத கருவியை எடுங்கள்: கணக்கை பிளாக் செய்வது, அல்லது சொல் வடிகட்டி இருந்தால் அதில் சொற்களைச் சேர்ப்பது. சொல் வடிகட்டியில் ஒரே சொல்லின் எல்லா எழுத்து வடிவங்களையும் போட வேண்டியிருக்கும். தமிழில் எழுதியது, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ், ஹேஷ்டேக், மூன்றும். படத்தில் மட்டும் எழுத்து இருந்து தலைப்பில் இல்லை என்றால் பிடிபடாமல் போகலாம்.

அறிகுறி: வேண்டாதது போனது, வேண்டியதும் சேர்ந்து போய்விட்டது

இது எதிர்ப்பக்கம். நிறைய 'ஆர்வமில்லை' அழுத்தியவர்களுக்கு, குறிப்பாக ஒரே நாளில் வரிசையாக அழுத்தித் தள்ளியவர்களுக்கு வரும். அக்காவுக்கும் வந்தது. பத்தாவது நாள் 20-இல் 1 என்று ஆனபோது, அவள் விரும்பிப் பார்க்கும் பறவை வீடியோக்களும் காணாமல் போயிருந்தன. மாடலின் பார்வையில் நாய் வீடியோவும் பறவை வீடியோவும் அக்கம்பக்கத்து வீடுகள். ஒரே ஆட்கள் இரண்டையும் பார்க்கிறார்கள், ஒரே மாதிரி தலைப்பு, ஒரே மாதிரி மெல்லிய இசை. ஒன்றின் மேல் விழுந்த அடி பக்கத்து வீட்டுச் சுவரையும் அசைத்துவிடும்.

முதலில், தவறாக விழுந்த குறிகளைத் திரும்ப எடுங்கள். அழுத்திய உடனே என்றால் திரையில் 'செயல்தவிர்' வரும். யூடியூபில் அதே இடத்தில் காரணம் கேட்கும் சிறு கேள்வியும் வரும், ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்பதும் பிடிக்கவில்லை என்பதும் அங்கே தனித்தனி. பிடித்த வீடியோவே இரண்டாவது முறை வந்ததால் அழுத்துபவர்கள் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாமல் சரியான பதிலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பழைய குறிகளை நீக்க myactivity.google.com போய், மற்ற செயல்பாடுகள் பகுதியில் யூடியூப் 'ஆர்வமில்லை' கருத்துகளைத் தேடி அழிக்கலாம். அழித்தால் எல்லாம் மொத்தமாகப் போகும், நீங்கள் தடுத்த சேனல்களும் திரும்ப வரலாம். அதனால் தடுத்த முக்கியமான பெயர்களை முன்பே எழுதி வையுங்கள்.

அக்காவுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த இரண்டு பறவைச் சேனல்களைத் தேடி, சப்ஸ்கிரைப் செய்து, மூன்று நாள் அங்கிருந்தே பார்த்தாள். பறவைகள் திரும்பின, நாய்கள் திரும்பவில்லை.

அறிகுறி: என்ன செய்தாலும் எண்ணிக்கை நகரவே இல்லை

அப்போது நீங்கள் திருத்துவது வேறு இடத்தையாக இருக்கும். டிவியில் பார்க்கும் கணக்கும் போனில் திருத்தும் கணக்கும் ஒன்றா என்று பாருங்கள். வீட்டில் வேறு யாராவது உங்கள் கணக்கில் பார்க்கிறார்களா என்று வரலாற்றில் தேடுங்கள், நீங்கள் தூங்கிய நேரத்தில் பார்த்த வீடியோ இருந்தால் விடை கிடைத்துவிட்டது. தொல்லை விளம்பரமாக இருந்தால் அது தனி அமைப்பு, அதற்கான செட்டிங்ஸ் பக்கமும் தனி. சப்ஸ்கிரைப் செய்த சேனலும் நீங்களே தேடிப் போகும் முடிவுகளும் 'பரிந்துரைக்க வேண்டாம்' என்பதற்குக் கட்டுப்படாது. முதலில் சப்ஸ்கிரிப்ஷனை எடுத்துவிட வேண்டும்.

இவை எதுவும் இல்லை, மூன்று வாரமாகியும் நகரவில்லை என்றால் முழு அழிப்புதான். டிக்டாக் 2023-இல் ஃபீடைப் புதிதாகத் தொடங்கும் வசதியைக் கொண்டுவந்தது, இன்ஸ்டாகிராம் 2024 நவம்பரில் அப்படி ஒன்றை அறிவித்தது. யூடியூபில் பார்வை வரலாற்றையும் தேடல் வரலாற்றையும் சேர்த்து அழிப்பது அதற்குச் சமம். அங்கே வரலாற்றை அணைத்தும் வைத்துவிட்டால் முகப்பு ஏறக்குறைய காலியாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். அழித்த பிறகு வரும் முதல் இரண்டு நாள் ஃபீடு எல்லோருக்கும் பொதுவான பரபரப்பால் நிறைந்திருக்கும், நேரடியாக உள்ளே போனால் அதிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அந்த இரண்டு நாளும் முகப்பைத் தொடாமல், நீங்களே தேடி, தேடியதையே பாருங்கள். மூன்றாவது நாள் முகப்பைத் திறந்து 20-ஐ எண்ணி எழுதுங்கள்.